கடைசி நேரத்தில் சந்திப்பை ரத்துசெய்ய நேர்ந்தால்: மன்னிப்புக் கேட்டு வேறு நாள் குறிக்கும் செய்தியை எழுதும் முறை

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. சென்னை ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு காபிக் கடையில் மாலை 6.30 மணிக்குச் சந்திப்பதாக என் நண்பர் ஒருவரும் அவருக்கு அண்மையில் அறிமுகமான ஒரு பெண்ணும் பேசி வைத்திருந்தார்கள். ஒருமுறை ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள். இது இரண்டாவது டேட். நண்பருக்குச் சோழிங்கநல்லூரில் வேலை, அந்தப் பெண்ணுக்குக் கிண்டியில். மாலை 5 மணிக்கு நண்பரின் அலுவலகத்தில் சர்வர் நின்றுபோனது. அந்த வாரம் முழுவதும் எந்த நேரத்தில் கோளாறு வந்தாலும் அதைச் சரிசெய்ய வேண்டிய ஆன்-கால் பொறுப்பு அவருடையது. ஐந்தரைக்குள் முடிந்துவிடும் என்று காத்திருந்தார், பிறகு ஆறுக்குள் என்று காத்திருந்தார், இறுதியில் 6.15 மணிக்கு வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து நான்கு செய்திகளை அனுப்பினார்:

“ஹாய்”

“சாரி சாரி சாரி”

“ஆபீஸ்ல பெரிய பிரச்சினை ஆயிடுச்சு, கால் ஓடிட்டே இருக்கு, எப்ப முடியும்னே தெரியல”

“ப்ளீஸ் தப்பா எடுத்துக்காதீங்க, இன்னொரு நாள் கண்டிப்பா பார்க்கலாம்”

ஆயிரம் விளக்கு நிலையத்தின் நகரும் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த அந்தப் பெண் இவற்றைப் படித்துவிட்டு எழுதிய பதில்: “அப்ப நான் வெயிட் பண்ணட்டுமா, கிளம்பட்டுமா?”

நான்கு செய்திகளையும் மீண்டும் படித்துப் பாருங்கள். வர முடியவில்லை என்பது அவற்றில் எங்குமே சொல்லப்படவில்லை. மன்னிப்பு இருக்கிறது, காரணம் இருக்கிறது, கெஞ்சலும் இருக்கிறது, ஆனால் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த நொடியில் தெரிய வேண்டிய ஒரே செய்தி இல்லை. நண்பரின் அனுமதியோடு இந்த நிகழ்வையே எடுத்துக்கொண்டு, அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஆன்-கால் என்பதற்குப் பதிலாக உங்களுக்குக் காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் ஓர் அவசரமாக இருக்கலாம், ஆனால் செய்தியின் கட்டமைப்பு பெரிதாக மாறாது.

முதலில், தாமதமா ரத்தா என்று முடிவுசெய்யுங்கள்

செய்தி எழுத உட்காருவதற்கு முன்பே பெரும்பாலோர் தவறும் இடம் இதுதான். கோளாறு வந்த 5 மணிக்கும் செய்தி அனுப்பிய 6.15 மணிக்கும் இடையே நண்பர் ஒன்றேகால் மணி நேரத்தைக் கையில் வைத்திருந்தார். அந்தப் பெண் கிண்டியிலிருந்து கிளம்பியது 6 மணிக்கு. நீல வழித்தட மெட்ரோவில் கிண்டியிலிருந்து ஆயிரம் விளக்கு ஆறாவது நிறுத்தம், சுமார் கால் மணி நேரப் பயணம். ஆக, 5.50க்கு முன்பு போகும் செய்திக்கும் அதற்குப் பிறகு போகும் செய்திக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முன்னது ஒருவர் இருக்கையில் இருக்கும்போதே திட்டத்தை மாற்றிக்கொள்ள உதவுகிறது, பின்னது அவரைப் பாதி வழியில் நிறுத்துகிறது. கடைசி நேரம் என்பதைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவதைவிட, அவர் கிளம்பிவிட்டாரா இல்லையா என்பதை வைத்துக் கணக்கிடுவதே சரி.

உங்கள் பயண நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சோழிங்கநல்லூரிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் ஆயிரம் விளக்குக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், 5.15 மணிக்கே நண்பரால் 6.30க்கு அங்கே இருக்க முடியுமா என்பது சந்தேகமாகிவிட்டது. அப்போது அவருக்கு முழு விவரமும் தெரியாமல் இருந்திருக்கலாம். முழு விவரம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு முன்னறிவிப்பு போதும்: “ஆபீஸ்ல ஒரு கோளாறு. நான் வர முடியுமான்னு சந்தேகமா இருக்கு. 5.40க்குள்ள உறுதியா சொல்லிடறேன், அதுவரைக்கும் கிளம்பாதீங்க.” இப்படி ஒரு நேரத்தைச் சொன்னபின், கோளாறு சரியாகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் 5.40க்கு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும்.

அரை மணி நேரத் தாமதத்தோடு போய்ச் சேர முடியும் என்றால் அது ரத்து அல்ல. தாமதம் என்று சொல்லி, காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்று தோன்றினால் ரத்துசெய்வதே மரியாதை. தாமதத்தைப் பத்துப் பத்து நிமிடமாக நீட்டி, கடைசியில் வராமலே போவதைவிட மோசமானது இதில் வேறில்லை.

அழைப்பதா, எழுதுவதா

அவர் இன்னும் கிளம்பவில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் செய்தி மட்டும் போதும். கிளம்பியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் முதலில் ஒருமுறை அழையுங்கள். எடுக்காவிட்டால் உடனே செய்தி அனுப்புங்கள். தொடர்ந்து ஐந்து முறை அழைத்தால், எடுக்க முடியாத இடத்தில் இருப்பவர் ஏதோ விபரீதம் என்று பதறிப்போவார். நம் நிகழ்வில், சின்னமலையைத் தாண்டியதும் மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. ரயிலுக்குள் அழைப்பு சரியாகக் கேட்காமல் போகலாம். எனவே எழுதும் செய்தி, அழைப்பின் துணையில்லாமல் தனியாகப் படித்தாலும் முழுமையாகப் புரிவதாக இருக்க வேண்டும்.

குரல் பதிவு இந்த வேலைக்கு ஏற்றதல்ல. கூட்டத்தில் நிற்பவரால் அதைக் கேட்க முடியாது, கேட்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அனுப்பியபின் திரையைப் பாருங்கள்: ஒற்றைக் குறி என்றால் செய்தி உங்கள் கைப்பேசியிலிருந்து போய்விட்டது, அவருடையதை இன்னும் அடையவில்லை; இரட்டைக் குறி என்றால் அடைந்துவிட்டது. சந்திப்பு நேரம் நெருங்கியும் ஒற்றைக் குறியாகவே இருந்தால் அவருடைய இணையம் அணைந்திருக்கலாம் என்று எண்ணி, சாதாரண எஸ்.எம்.எஸ். ஒன்றையும் அனுப்பிவிட்டு மறுபடி ஒருமுறை அழைப்பது நல்லது.

முதல் வரியில் ரத்து

பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். “ஹாய்” என்று தனியாக அனுப்பினால் அவர் பார்ப்பது அந்த “ஹாய்” மட்டுமே. “பிஸியா?”, “ஒரு விஷயம் சொல்லணும்” என்ற தொடக்கங்கள் அவரைக் கலவரப்படுத்துமே தவிர எதையும் தெரிவிக்காது. ஆகவே முதல் வாக்கியத்திலேயே நாள், நேரம், வர முடியாமை ஆகிய மூன்றும் இருக்கட்டும்: “இன்னிக்கு ஆறரைக்கு என்னால வர முடியல.” அதை அடுத்து அவர் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: “கிளம்பிட்டீங்கன்னா திரும்பிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.”

இங்கே தமிழின் வினைமுடிவுகளைக் கவனிப்பது அவசியம். “வர முடியல” என்பது சூழ்நிலை தடுத்துவிட்டது என்ற பொருளைத் தருகிறது. “வர முடியாது” என்பது மறுப்பாக ஒலிக்கிறது. கோரிக்கையை நிராகரிக்கும் அலுவலகக் குரல் அதில் இருக்கிறது. “வரல” என்று மட்டும் எழுதினால் வர விரும்பவில்லை என்றும் பொருள்படும். தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது தமிழ் எழுத்திலோ, அல்லது இரண்டுமுறை வாசித்துச் சரிபார்த்தோ அனுப்பினால், ஓர் எழுத்துக் குறைவதால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கலாம். அனுப்பியபின் பிழை கண்ணில் பட்டால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். அழித்துவிட்டுப் புதிதாக அனுப்பாதீர்கள். அழிக்கப்பட்ட செய்தி என்ற தடயத்தைப் பார்ப்பவர், அதில் முதலில் வேறு ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று நினைக்க இடமாகிறது.

காரணம்: ஒரு வாக்கியம், அதில் “நான்” இருக்கட்டும்

காரணம் சொல்லாமல் விட்டால் அலட்சியமாகத் தெரியும், விரிவாகச் சொன்னால் வக்கீலின் வாதமாகத் தெரியும். நடந்தது என்ன, அதனால் உங்களால் ஏன் நகர முடியவில்லை என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடங்கினால் போதும். சர்வரின் பெயர், மேலாளர் சொன்னது, யார் விடுப்பில் போனார் என்பவை எல்லாம் அடுத்த சந்திப்பில் பேசிக்கொள்ளத்தக்கவை.

தமிழில் பொறுப்பை யார் மீதும் வைக்காமல் பேசுவது மிக எளிது. “லேட் ஆயிடுச்சு”, “மாட்டிக்கிட்டேன்”, “மறந்து போச்சு”, “இப்படி ஆகிப்போச்சு” என்று சொல்லும்போது எல்லாம் தானாகவே நடந்தது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. அன்றாடப் பேச்சில் இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கும் செய்தி முழுவதும் “ஆயிடுச்சு” என்றே இருந்தால், மன்னிப்புக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதே தெரியாமல் போகிறது. கோளாறு தானாக வந்தது என்பது உண்மைதான். ஆனால் ஆன்-கால் வாரம் என்று முன்பே தெரிந்திருந்தும் அந்த வாரத்தில் நாள் குறித்தது நண்பர்தானே? “ஆன்-கால் வாரத்துல நாள் குறிச்சது என் தப்பு” என்று ஒரு வாக்கியம் எழுதினால், தவறின் எந்தப் பகுதி உங்களுடையது என்று நீங்களே பிரித்துக் காட்டுகிறீர்கள். மூன்று “சாரி”களால் ஆகாத வேலையை அது செய்கிறது.

பொய்க் காரணம் வேண்டாம். நம் ஊரில் பாட்டியின் உடல்நிலை இதற்கு மிக அதிகமாகப் பயன்படுத்தப்படுகிறது. அக்கறையுள்ளவர் அடுத்த சந்திப்பில் முதலில் கேட்கப்போவதே “பாட்டி இப்ப எப்படி இருக்காங்க?” என்றுதான். அந்தக் கேள்விக்கு இன்னொரு பொய், அதன் பிறகு மருத்துவமனையின் பெயர் என்று அது வளர்ந்துகொண்டே போகும். சொல்ல விரும்பாத காரணமாக இருந்தால், சொல்ல விரும்பவில்லை என்பதையே மரியாதையாகச் சொல்லலாம்: “வீட்டுல ஒரு சொந்த விஷயம். இப்ப விவரமா சொல்ல முடியல, ஆனா நான் வீட்டுல இருந்தே ஆகணும்.” உடல்நிலை காரணமென்றால் “காலையிலிருந்து காய்ச்சல், மதியம் குறையும்னு நினைச்சேன், குறையல” என்பதே போதும், வெப்பமானியின் படத்தைச் சான்றாக அனுப்பத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவரைச் சந்திக்கும் விருப்பமே உங்களுக்குப் போய்விட்டது என்றால், இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி உங்களுக்கானதல்ல. வேறு நாள் குறிக்காமல், “யோசிச்சுப் பார்த்தேன், இதைத் தொடர வேண்டாம்னு எனக்குத் தோணுது. இதைக் கடைசி நேரத்துல சொல்றதுக்கு மன்னிச்சுக்கோங்க” என்று எழுதுங்கள். வேலைமேல் பழிபோட்டு வேறு நாள் கேட்பது அவரை இன்னும் இரண்டு வாரம் காக்கவைப்பதில்தான் முடியும்.

மன்னிப்பு: ஒருமுறை, அவர் இழந்ததைக் குறிப்பிட்டு

“மன்னிக்கவும்” என்ற சொல் எழுத்தில் சரியானது. ஆனால் தனிப்பட்ட செய்தியில் அது பழைய தூர்தர்ஷன் திரையில் வந்த “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அறிவிப்பைப் போல, யாரோ யாருக்கோ சொல்வதாக நின்றுவிடுகிறது. “சாரி” பேச்சுக்குப் பழகிப்போன சொல், அதனாலேயே அதன் எடை குறைந்துவிட்டது. “மன்னிச்சுக்கோங்க” அல்லது “மன்னிப்புக் கேட்டுக்கிறேன்” என்று முழுதாக எழுதுவதை நான் விரும்புகிறேன். முதல் சந்திப்பிலிருந்து “நீங்க” என்று பேசிவந்தவர்கள் இங்கும் “நீங்க” என்றே தொடர வேண்டும்; நெருக்கம் காட்டினால் கோபம் குறையும் என்று நினைத்து இந்தச் செய்தியில் திடீரென ஒருமைக்கு மாறுவது தவறாகப் போகும்.

எதற்காக மன்னிப்பு என்பதை அவருடைய பக்கத்திலிருந்து யோசித்து எழுதுங்கள். நம் நிகழ்வில் அந்தப் பெண் இழந்தது ஒரு மாலைப்பொழுதையும் ரயில் கட்டணத்தையும் மட்டுமல்ல. பெற்றோருடன் வசிக்கும் அவர், அலுவலகத்திலிருந்து வரத் தாமதமாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெளியே ஒரு மாலையைச் சந்திப்புக்காக ஒதுக்குவது நம் ஊரில் பல பெண்களுக்கு இப்படி முன்கூட்டியே வழிசெய்து வைக்க வேண்டிய காரியமாகவே இருக்கிறது. விடுதியில் தங்கியிருப்பவர்களுக்குக் கதவு மூடும் நேரம் ஒரு தனிக் கணக்கு. இதை நீங்கள் அறிந்திருந்தால், “இந்தச் சாயங்காலத்துக்காக எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டு வந்திருப்பீங்க, அதைக் கெடுத்துட்டேன்” என்ற ஒரு வரி அவரைச் சரியாகத் தொடும். அவர் நுழைவுச்சீட்டோ மேசையோ பதிவுசெய்திருந்தால், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிராமல் உங்களுக்குத் தெரிந்த தொகையை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க”, “கோபமா?”, “பேசமாட்டீங்களா?” ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். இவை மன்னிப்பைப் போலத் தோன்றினாலும், உண்மையில் ஏமாற்றமடைந்தவரையே உங்களுக்கு ஆறுதல் சொல்லும்படி கேட்கின்றன. அவருக்குக் கோபம் வந்திருந்தால் அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

வேறு நாள் குறித்தல்

செய்தியின் முதுகெலும்பு இந்தப் பகுதிதான். “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்பது தமிழில் என்ன பொருள் தரும் என்று நாம் எல்லோரும் அறிவோம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடமும் கடன் கேட்டவரிடமும் சீட்டில் சேரச் சொன்னவரிடமும் மனம் நோகாமல் மறுப்பதற்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் சொல் “பார்க்கலாம்”. அதன் முன்னால் “கண்டிப்பா” என்று சேர்ப்பதால் அது உறுதியாகிவிடாது. நாளும் மணியும் இடமும் இல்லாத “பார்க்கலாம்”, ரத்துசெய்த செய்தியில் வரும்போது, இனி வேண்டாம் என்றே படிக்கப்படும்.

நாள் குறிப்பதற்கு முன் உங்கள் நாட்காட்டியைத் திறந்து, இன்று ரத்தானதற்குக் காரணம் அந்த நாளிலும் இருக்குமா என்று பாருங்கள். நண்பர் அவசரத்தில் முதலில் நினைத்தது “நாளைக்கே பார்த்தால் என்ன” என்பதுதான். ஆனால் அவருடைய ஆன்-கால் 17ஆம் தேதி திங்கள் காலையில்தான் முடிகிறது. சனி, ஞாயிறு இரண்டிலும் இதே நிலைமை திரும்ப வரலாம். காய்ச்சலில் இருப்பவர் நாளை மறுநாளைக் குறிப்பதும் இதே தவறுதான். ஒருமுறை ரத்துசெய்ததைப் பொறுத்துக்கொள்பவர் உண்டு, ஆனால் ஈடாகக் குறித்த நாளையும் ரத்துசெய்தால் அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் எடுபடாது. எனவே விரைவான நாளைவிட உறுதியான நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

தேதியைத் தேதியாகவே எழுதுங்கள். “அடுத்த சனிக்கிழமை” என்றால் வருகிற சனியா, அதற்கு அடுத்ததா என்பதில் ஒரே வீட்டில் இருப்பவர்களே உடன்படுவதில்லை. “ஏழு ஏழரைக்கு” என்று இரட்டையாகச் சொல்வதும் நம் வழக்கம். ஒருமுறை காக்கவைத்தவர் அந்த வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். “உங்களுக்கு எப்ப வசதின்னு சொல்லுங்க” என்பது பணிவாகத் தோன்றினாலும், நாள் தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறது. நீங்கள் இரண்டு நாட்களைச் சொல்லுங்கள், ஒன்று வேலைநாள் மாலை, மற்றது விடுமுறைநாள் காலை அல்லது பகல். இரண்டுக்கு மேல் அடுக்கினால் பல் மருத்துவமனையில் நேரம் கேட்பது போலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வதற்கு முன், அது பெரிய முகூர்த்த நாளா என்று காலண்டரைப் புரட்டிவிடுவது நல்லது. வீட்டோடு கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் உங்களிடம் மறுக்கத் தயங்குவார்.

இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். அலைந்தது அவர் என்பதால், அடுத்தமுறை அலைய வேண்டியது நீங்கள். ஆனால் அவருக்கு அருகில் என்பது அவருடைய வீட்டுக்கு அருகில் என்று ஆகாது. தெருமுனையிலேயே சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ எதிர்ப்படக்கூடிய இடத்தில் அவர் நிம்மதியாக உட்கார முடியாது. “உங்க வீட்டு வாசலுக்கே வந்து மன்னிப்புக் கேக்கறேன்” என்று எழுதுவது சினிமாவில் நன்றாக இருக்கலாம். இரண்டாம் சந்திப்பில் அது அச்சத்தைத் தரும். அலுவலகத்துக்கு அருகில், ஆள்நடமாட்டம் உள்ள, அவர் எளிதில் வீடு திரும்பக்கூடிய இடம்தான் பொருத்தமானது. நவம்பர் மாத மழையையும் நினைவில் வைத்து நண்பர் கடற்கரையை விட்டுவிட்டார்.

கடைசியாக, மறுப்பதற்கு ஒரு வழி விட வேண்டும். நாள் ஒத்துவராவிட்டாலும் சொல்லலாம், வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லலாம், உடனே பதில் தர வேண்டியதில்லை என்ற மூன்றையும் சேர்த்துவிட்டால், சினத்தோடு ரயிலில் திரும்பிக்கொண்டிருப்பவரை அந்த நொடியில் முடிவெடுக்கக் கட்டாயப்படுத்தாமல் இருப்பீர்கள்.

முழுச் செய்தி

மேலே சொன்னவற்றைச் சேர்த்து, 5.40 மணிக்குப் போயிருக்க வேண்டிய செய்தியை நண்பரும் நானும் பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம்:

“இன்னிக்கு ஆறரைக்கு என்னால வர முடியல. கிளம்பிட்டீங்கன்னா திரும்பிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அஞ்சு மணிக்கு சர்வர் நின்னுடுச்சு, இந்த வாரம் ஆன்-கால் நான்தான், சரிபண்ணாம எழுந்து வர முடியல. ஆன்-கால் வாரத்துல நாள் குறிச்சது என் தப்பு. இந்தச் சாயங்காலத்துக்காக எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி வச்சிருப்பீங்க, அதைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க.

உங்களைப் பார்க்கணும்னு ஆசையா இருந்தேன். நவம்பர் 19, புதன்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு கிண்டியில உங்க ஆபீஸ் பக்கத்துல இருக்கிற காபிக் கடை. இல்லேன்னா 22, சனிக்கிழமை காலை 10.30க்கு ஆயிரம் விளக்குல இதே கடை. திங்கட்கிழமையோட ஆன்-கால் முடியுது, அதனால ரெண்டு நாளும் எனக்கு உறுதி. ரெண்டும் ஒத்துவரலைன்னாலும், வேண்டாம்னு தோணினாலும் சொல்லிடுங்க. இப்பவே பதில் போடணும்னு இல்ல.”

இதை ஒரே செய்தியாக, இரண்டு பத்தியாக அனுப்ப வேண்டும். முதல் பத்தி இன்றைக்கானது, அதைப் படித்தவுடன் அவர் திரும்பிவிடலாம். இரண்டாவதை வீட்டுக்குப் போனபின் படித்துக்கொள்ளலாம். ஆசை பற்றிய வாக்கியம் இரண்டாம் பத்தியில் ஒரே ஒருமுறை வருகிறது. அதை முதல் வரியில் வைத்திருந்தால் ரத்துக்குப் பூசிய சர்க்கரையாகத் தெரிந்திருக்கும். நீங்கள் இதை அப்படியே எடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் பேச்சு கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, அதில்தான் எழுத வேண்டும். வழக்கமாகப் பேசுகிற குரலிலிருந்து செய்தி விலகினால், வேறு யாரோ எழுதிக்கொடுத்தது என்று எளிதில் தெரிந்துவிடும்.

6.15க்கு அனுப்பிய நான்கு செய்திகளை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நண்பர் முதலில் எழுத வேண்டியிருந்தது, “காத்திருக்காதீங்க, கிளம்பிடுங்க, என்னால வர முடியல. இதை முதல்லயே தெளிவா சொல்லாம உங்களை அலைய வச்சுட்டேன்” என்பதே. அவர் அதைத்தான் எழுதினார், இரவு 9 மணிக்குக் கோளாறு சரியானபின் இரண்டாம் பத்தியைத் தன் சொற்களில் எழுதி அனுப்பினார்.

அனுப்பியபின்

“சரி”, “பரவாயில்ல”, “ம்” என்ற பதில்களில் ஒன்று வரக்கூடும். “பரவாயில்ல” என்பதோடு நாளையும் குறிப்பிட்டால் விஷயம் முடிந்தது. “பரவாயில்ல” மட்டும் வந்தால் வருத்தம் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், “நன்றி. ராத்திரி நல்லபடியா வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டு, நாளைப் பற்றி அன்றே மீண்டும் கேட்காதீர்கள். இரண்டு குறிகளும் நீலமாகி, பதில் வராமல் இருந்தால் அவர் படித்துவிட்டு யோசிக்கிறார் என்று பொருள். அதன் பிறகு நகைச்சுவைப் படம் அனுப்புவது, அவருடைய ஸ்டேட்டஸுக்கு இதயம் போடுவது, பொதுவான தோழியிடம் தூதுவிடுவது ஆகிய எதுவும் வேண்டாம். மறுநாள் மாலைவரை பொறுத்து, ஒரே ஒரு செய்தி: “நேத்து நடந்ததுக்கு மறுபடியும் வருந்தறேன். புதன்கிழமை இன்னும் உங்களுக்காகக் காலியா வச்சிருக்கேன்.” அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே பதில், மேற்கொண்டு எழுதக் கூடாது.

நம் நிகழ்வில் சனிக்கிழமை மதியம் பதில் வந்தது: “புதன் ஓகே. ஆனா ஏழு வேண்டாம், ஆறேகால். எட்டுக்கு நான் வீட்டுல இருக்கணும்.” நண்பர் அதை ஏற்றுக்கொண்டு, புதன்கிழமை பிற்பகல் அரைநாள் விடுப்புக்கு அன்றே விண்ணப்பித்தார். செவ்வாய் இரவு ஒரு வரி அனுப்பினார்: “நாளைக்கு 6.15, கிண்டி. நான் 6 மணிக்கே உள்ள உட்கார்ந்திருப்பேன்.” புதன்கிழமை அவர் கடைக்குள் நுழைந்தது 5.40 மணிக்கு.